வேலை தேடாதவருக்கு எழுதும் முதல் மெசேஜ்: சம்பளத்தைச் சொல்லலாமா?

*“மேடம், நான் ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் இரண்டு வருடமாக ரெக்ரூட்டராக இருக்கிறேன். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்துக்குப் பராமரிப்புப் பிரிவுத் தலைவர் தேடுகிறேன். விண்ணப்பித்தவர்களில் யாரும் பொருந்தவில்லை. அதனால் வேறு இடங்களில் நல்ல வேலையில் இருப்பவர்களாகப் பார்த்து லிங்க்ட்இன் வழியாக 40 பேருக்கு எழுதினேன். இரண்டே பேர் பதில் போட்டார்கள். இருவரும் கேட்டது சம்பளம் எவ்வளவு என்றுதான். சொன்னதும் ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார், இன்னொருவர் பேச்சையே நிறுத்திவிட்டார்.*

*நான் அனுப்பியது இதுதான்: ‘வணக்கம். உங்கள் புரொஃபைல் மிகவும் கவர்ந்தது. ஒரு முன்னணி நிறுவனத்தில் அருமையான வாய்ப்பு இருக்கிறது. சம்பளம் சந்தை நிலவரப்படி. ஆர்வம் இருந்தால் ரெஸ்யூமே அனுப்புங்கள்.’*

*சம்பளத்தை முதலிலேயே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ரேஞ்ச் சொன்னால் எல்லாரும் மேல் எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்கள்’ என்று கிளையன்ட் தரப்பு மேனேஜர் தடுக்கிறார். என் டீம் லீடோ, ‘முதலில் அவர்கள் இப்போது வாங்குவதைக் கேள், அப்புறம் சொல்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மெசேஜை எப்படி எழுதுவது? பணிக்குறிப்பையும், பெயர்களை மறைத்துச் சில புரொஃபைல்களையும் இணைத்திருக்கிறேன்.”*

*– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி*

அன்புள்ள வாசகிக்கு,

சம்பளத்தை எழுதுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த எண்ணை எழுதுவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தவறான ரேஞ்சை எழுதுவது எழுதாமல் விடுவதைவிட அதிகக் கெடுதல் செய்யும். அதோடு, உங்கள் மெசேஜில் சம்பளம் மட்டும் விடுபடவில்லை. என்ன வேலை என்பதும் இல்லை, ஏன் அவருக்கு எழுதுகிறீர்கள் என்பதும் இல்லை. எண்ணை மட்டும் சேர்த்தால் அது சம்பளம் போட்ட சுற்றறிக்கை ஆகிவிடும்.

எதிரே இருப்பவரை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பிக்கிறவர் வேலையை மாற்றுவது என்று ஏற்கெனவே முடிவு செய்தவர். பாதித் தகவல் கிடைத்தாலும் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். நீங்கள் எழுதிய 40 பேரும் அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பதில் போடாவிட்டால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பதில் போட்டால்தான் சங்கடம்: விஷயம் மேலதிகாரி காதுக்குப் போய்விடுமோ என்ற பயம், மூன்று வருடமாகத் தொடாத ரெஸ்யூமேவைத் தூசி தட்டும் வேலை, பிடிக்காத சம்பளத்துக்காக அரை மணி நேரம் பேசிவிட்டு மறுக்கும் தர்மசங்கடம். இவ்வளவையும் தாண்டி அவர் ஒரு வரி எழுத வேண்டுமென்றால், வேலை என்ன, எவ்வளவு, என்னை ஏன் என்ற மூன்றுக்கும் உங்களைக் கேட்காமலேயே அவருக்கு விடை தெரிய வேண்டும்.

இன்னொன்று. அந்த இரண்டு பதில்களையும் நீங்கள் தோல்வியாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எண்ணைக் கேட்டதும் இருவரும் விலகினார்கள் என்றால், மெசேஜ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சம்பளத்துக்கு இப்படிப்பட்டவர்கள் வரமாட்டார்களோ என்ற கேள்வி எழுகிறது. இரண்டு பேரை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. ஆனால் மீதி 38 பேரின் மௌனத்திலிருந்து எதையுமே தெரிந்துகொள்ள முடியாது. மெசேஜ் பிடிக்கவில்லையா, சம்பளம் குறைவு என்று ஊகித்தார்களா, படிக்கவே இல்லையா? சம்பளத்தை எழுதி அனுப்பியிருந்தால், ‘இது குறைவு’ என்று நாலைந்து பேராவது சொல்லியிருக்கக்கூடும். கிளையன்ட்டிடம் பட்ஜெட்டைப் பற்றிப் பேச உங்கள் கையில் அப்போது ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

எந்த எண்?

பெரும்பாலான நிறுவனங்களில் ஒவ்வொரு பதவி நிலைக்கும் ஒரு சம்பள பேண்ட் இருக்கும். நாணயம் எதுவானாலும் சரி, புரிவதற்காக அந்த நிலையின் நடுச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். பேண்ட் 80-இல் தொடங்கி 120 வரை போகலாம். ஆனால் அந்த 80 முதல் 120 என்பது, ஒருவர் அந்தப் பதவியில் நுழைந்த நாளிலிருந்து பல வருடம் இருந்து முதிர்வது வரைக்குமான முழு நீளம். புதிதாக வருகிறவரை 120-இல் யாரும் உட்கார வைப்பதில்லை. அப்படி வைத்தால் அடுத்த வருடம் சம்பளம் உயர்த்த இடமிருக்காது. 80-இலும் பெரும்பாலும் வைப்பதில்லை. அது வேலையைக் கற்றுக்கொண்டே செய்கிறவருக்கான இடம். இந்த வேலைக்கு, இந்த அனுபவத்துக்கு, இந்த வருடம் உண்மையில் கையெழுத்தாகக்கூடிய சம்பளம் 92-க்கும் 104-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது அந்தச் சின்ன ரேஞ்சைத்தான்.

ரெக்ரூட்டர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஹெச்.ஆர். கொடுத்த பேண்டை அப்படியே எடுத்து ‘80 முதல் 120 வரை’ என்று எழுதிவிடுகிறார்கள். அகலமாக இருந்தால் யாரும் விலகமாட்டார்கள் என்று நினைப்பு. படிக்கிறவருக்கு 120 மட்டும்தான் மனதில் நிற்கும், சம்பளம் தீர்மானிக்கிற மேனேஜர் மனதிலோ 90 இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் கடைசி நாளில்தான் வெளியே தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்துக்காக அப்படி அகலமான ரேஞ்ச் ஒன்றை எழுதி, மிகத் திறமையான ஒருவரைப் பேச்சுக்குக் கொண்டுவந்தேன். நான்கு சுற்று நேர்காணல். ஒவ்வொன்றுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆஃபர் வந்தபோது அது ரேஞ்சின் கீழ்ப்பகுதியில் இருந்தது. ‘நான் எழுதிய ரேஞ்சுக்குள்தானே இருக்கிறது’ என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு நியாயமற்ற வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. அவர் மறுத்துவிட்டார். அதே துறையில் அவருக்குத் தெரிந்தவர்களுக்குப் பிறகு நான் எழுதியபோது ஒருவரும் பதில் தரவில்லை. மாதக்கணக்கில் அந்த வட்டாரமே எனக்குக் கதவடைத்துவிட்டது.

ஆகவே கிளையன்ட் மேனேஜர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மேல் எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதற்குத் தீர்வு எண்ணை மறைப்பது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். மேல் எண்ணை உண்மையிலேயே கொடுக்கக்கூடியதாக வைத்துக்கொண்டு, அது யாருக்குக் கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினால் போதும்.

அந்தச் சின்ன ரேஞ்சை மேனேஜரிடமிருந்து வாங்க, ‘பட்ஜெட் என்ன?’ என்று கேட்காதீர்கள். பேண்டைத்தான் சொல்வார். இப்படிக் கேளுங்கள்: ‘எல்லாவற்றிலும் பொருந்துகிற ஒருவர் 104 கேட்டால் யாரிடமும் போகாமல் நீங்களே சரி என்பீர்களா?’ தயங்கினால் 102, பிறகு 100 என்று இறங்குங்கள். தயக்கம் நிற்கும் இடம்தான் உங்கள் மேல் எண். அடுத்து, ‘எது இல்லாதவரை எடுத்துக்கொண்டு பிறகு பயிற்சி கொடுப்பீர்கள்? அவருக்கு எவ்வளவு?’ அது கீழ் எண். கடைசியாக, ‘இப்போது இதே நிலையில் அங்கே இருப்பவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள்?’ சம்பளத்தை வெளியே சொல்ல மேனேஜர்கள் அஞ்சுவதற்கான நிஜக் காரணம் பல நேரம் இந்தக் கேள்வியில்தான் வெளிவரும். புதியவருக்கு 104 என்று எழுதும்போது, ஆறு வருடமாக இருக்கும் பழையவர் 95 வாங்கிக்கொண்டிருந்தால் அது அவர் கண்ணில் படும். இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் புதியவர் சேர்ந்த பிறகு அது எப்படியும் தெரியத்தான் போகிறது. மெசேஜ் அனுப்பும் முன்பே ஹெச்.ஆரிடம் பேசிச் சரிசெய்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

எண்ணோடு அது எதைக் குறிக்கிறது என்பதும் வர வேண்டும். மாதமா வருடமா, பிடித்தங்களுக்கு முன்பா பின்பா, நிலையான சம்பளமா அல்லது ஊக்கத்தொகையும் சேர்ந்த மொத்தமா? நிலையானதும் மாறக்கூடியதும் கலந்த ஒரே பெரிய எண்ணை எழுதினால் முதல் போன் பேச்சிலேயே நம்பிக்கை போய்விடும். நிலையானதை மட்டும் ரேஞ்சாக எழுதி, மற்றதைத் தனி வரியில் சொல்லுங்கள்.

இப்போது வாங்குவதைக் கேட்கலாமா?

உங்கள் டீம் லீட் சொல்வது பழைய வழக்கம். இந்தக் கேள்வி, வேலைக்கு விலை வைப்பதற்குப் பதிலாக ஆளுக்கு விலை வைக்கிறது. முன்பு எங்கோ குறைவாகப் பேசி மாட்டிக்கொண்டவர் அந்தக் குறையைப் போகிற இடமெல்லாம் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும். பெண்களுக்கு இது எவ்வளவு நடக்கிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை நெறிமுறைச் சட்டம், விண்ணப்பதாரருக்குத் தொடக்கச் சம்பளத்தையோ அதன் ரேஞ்சையோ தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. முன்பு என்ன வாங்கினார் என்று கேட்பதைத் தடுக்கிறது. உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்கக் குறித்த கடைசி நாள் 2026 ஜூன் 7. அமெரிக்காவில் கொலராடோ 2021 முதலும், கலிஃபோர்னியா 2023 முதலும் வேலை அறிவிப்பில் சம்பள ரேஞ்சைப் போட வைக்கின்றன. நீங்கள் ஆள் எடுக்கும் இடத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறதா, தனிப்பட்ட மெசேஜுக்கும் அது பொருந்துமா என்பதை கிளையன்ட்டின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதி இல்லாத இடத்திலும், வேலை தேடாத ஒருவரிடம் முதல் பேச்சிலேயே அவர் சம்பளத்தைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தேடி வந்தது நீங்கள். முதலில் எண்ணைச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். ரேஞ்சைச் சொன்ன பிறகு, ‘இது உங்களுக்கு ஒத்துவருமா?’ என்று கேட்டால் உங்களுக்குத் தேவையான பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

‘என்னை ஏன்?’

மூன்றில் கடினமானது இதுதான். ‘உங்கள் புரொஃபைல் கவர்ந்தது’ என்பது காரணம் ஆகாது. எழுதிய வரியை அடுத்த ஆளின் பெயரோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அது பாராட்டு, அவ்வளவுதான். காரணம் என்பது இரண்டு முனையுள்ள கயிறு. ஒரு முனை அவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையில் இருக்கும், மறுமுனை இந்தப் பதவியில் காத்திருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலையில் இருக்கும். பலர் முதல் முனையை மட்டும் பிடிக்கிறார்கள். ‘நீங்கள் 12 வருடமாகக் குளிர்பதனத் துறையில் இருக்கிறீர்கள்’ என்று அவருக்குத் தெரிந்ததையே அவருக்குத் திருப்பிச் சொல்வதில் என்ன பயன்?

நீங்கள் இணைத்த பணிக்குறிப்பை முழுதாகப் படித்தேன். வழக்கமான பொறுப்புகள் ஒரு பக்கம் முழுக்க. கடைசிப் பத்தியில்தான் ஒரு வரி இருக்கிறது: முழுக்க அம்மோனியாவில் ஓடும் இப்போதைய அமைப்பை, அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த அடுக்கு அமைப்பாக மாற்றும் திட்டம் முதல் வருடத்தில் தொடங்குகிறது. இந்தப் பதவியின் உயிரே அந்த வரிதான். அம்மோனியா நச்சு வாயு. சரக்கு இருக்கும் அறைகளுக்குள் அது ஓடாமல் இயந்திர அறைக்குள் நிறுத்திவிட்டு, குளிர் அறைகளுக்குக் கார்பன் டை ஆக்சைடை அனுப்புவது அடுக்கு அமைப்பின் ஏற்பாடு. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மிக அதிக அழுத்தத்தில் ஓடுவது. அம்மோனியாவில் கை தேர்ந்தவருக்கும் குழாய், வால்வு, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் புதிதாகத் தொடங்கும். இந்த மாற்றத்தைக் கிடங்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை நடத்திக் கடந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

நீங்கள் அனுப்பிய புரொஃபைல்களில் மூன்றாவது நபர், தான் அப்படி ஒரு மாற்றத்தை முன்னின்று நடத்தியதாகத் தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கும் நீங்கள் ‘அருமையான வாய்ப்பு’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கயிற்றின் இரண்டு முனையும் உங்கள் மேசை மேலேயே இருந்திருக்கின்றன.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும். அவர் தொழில் சார்ந்து வெளியில் வைத்ததை மட்டும் தொடுங்கள். குடும்பப் படங்கள் உள்ள பக்கத்திலிருந்து எடுத்த விவரம் எவ்வளவு அன்பாக எழுதினாலும் அவரைத் திடுக்கிட வைக்கும். ‘உங்கள் நிறுவனத்தில் ஆள்குறைப்பு வரப்போகிறதாமே’ என்பது போல அவர் வேலையைப் பற்றிய வதந்தியைக் காரணமாக்காதீர்கள். அது பயமுறுத்துவது. மேலும், விவரம் எங்கே கிடைத்தது என்பதை மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர்.-இன் 14-ஆவது பிரிவு, ஒருவரின் விவரத்தை அவரிடமிருந்து நேரடியாகப் பெறாதபோது அது எங்கிருந்து வந்தது என்பது உட்படச் சில தகவல்களை அவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அவரைத் தொடர்புகொள்ளத்தான் அந்த விவரம் என்றால், முதல் தொடர்பின்போதாவது தெரிவித்துவிட வேண்டும். அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வழக்கமாக்கிக்கொள்ளத் தக்கது. ‘இவருக்கு என்னை எப்படித் தெரியும்’ என்ற சந்தேகம் முதல் வரியிலேயே தீர்ந்துவிடும்.

மெசேஜ்

அந்த மூன்றாவது நபருக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். எண்கள் நம் 100 கணக்கில் உள்ளவை. ஆட்களின் எண்ணிக்கை, இரவுப் பொறுப்பு, ஊக்கத்தொகை ஆகியவை என் ஊகம். உண்மையானவற்றை மேனேஜரிடம் கேட்டு நிரப்புங்கள்.

> *தலைப்பு: பராமரிப்புத் தலைவர் – அம்மோனியாவிலிருந்து அடுக்கு அமைப்புக்கு மாறும் குளிர்பதனக் கிடங்கு*
>
> *வணக்கம். கிடங்கை நிறுத்தாமலேயே அம்மோனியா அமைப்பை கார்பன் டை ஆக்சைடு அடுக்கு அமைப்பாக மாற்றிய பணியை நீங்கள் நடத்தியதாக உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் படித்தேன். அதே மாற்றத்தைத் தொடங்கவிருக்கும் ஒரு நிறுவனத்துக்காக, ஆள்சேர்ப்பு நிறுவனத்திலிருந்து எழுதுகிறேன்.*
>
> *பதவி: பராமரிப்புப் பிரிவுத் தலைவர், 14 பேர் குழு. முதல் வருடத்தின் முக்கிய வேலை இந்த மாற்றம். நேரில் இருந்து பார்க்க வேண்டிய வேலை. மாதத்தில் ஒரு வாரம் இரவு அவசர அழைப்புப் பொறுப்பு உண்டு.*
>
> *நிலையான சம்பளம்: வருடத்துக்கு, பிடித்தங்களுக்கு முன், 92 முதல் 104 வரை. இத்தகைய மாற்றத்தை முழுதாக நடத்தியவருக்கு 98-க்கு மேல். ஊக்கத்தொகை இதில் சேரவில்லை.*
>
> *விருப்பமிருந்தால் வேலை நேரத்துக்கு வெளியே 15 நிமிடம் பேசலாமா? ரெஸ்யூமே இப்போது வேண்டாம். நிறுவனத்தின் பெயரை அந்தப் பேச்சில் சொல்கிறேன். நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பெயர் அவர்களிடம் போகாது. வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல் போதும், இந்த வேலைக்காக மறுபடி எழுதமாட்டேன்.*

இரவு அழைப்புப் பொறுப்பை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். யாரை விலக்கக்கூடிய விஷயமோ அது முதலிலேயே தெரிந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். சம்பளத்தை நேராகச் சொல்லிவிட்டு வேலையின் பாரத்தை மறைத்தால், பின்னால் அந்தச் சம்பளத்தையும் நம்பமாட்டார்.

‘98-க்கு மேல்’ என்ற வரி மேனேஜர் ஒப்புக்கொண்டால் மட்டுமே இருக்கலாம். அவரிடம் இந்த மெசேஜை அப்படியே காட்டி, மின்னஞ்சலில் சரி என்று வாங்குங்கள். ஆஃபர் நேரத்தில் 94 என்று யாராவது ஆரம்பித்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும்.

கிளையன்ட்டின் பெயரை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. பெயரைச் சொன்னால் உங்களைத் தாண்டி நேராகப் போய்விடுவார்களோ என்ற உங்கள் நிறுவனத்தின் கவலை புரிகிறது. ‘முன்னணி நிறுவனம்’ என்று மூடாமல், என்ன தொழில், என்ன வேலை என்று அடையாளம் காட்டிவிட்டுப் பெயரை முதல் பேச்சில் சொல்வது நியாயமான நடுவழி. ஆனால் ரெஸ்யூமே போவதற்கு முன்பு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். வேறொரு ஏஜென்சி ஏற்கெனவே அவரை அதே இடத்துக்கு அனுப்பியிருந்தால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். அந்த வம்பே வேண்டாம் என்று நிறுவனம் அவரை ஒதுக்கிவிடவும் கூடும். தவறு நம்முடையது, வாய்ப்பு போவது அவருக்கு.

அனுப்பிய பிறகு

அலுவலக மின்னஞ்சலுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். அதை நிறுவனம் பார்க்க முடியும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல், அதிலும் புதிதாக ஒரு தகவல் இருந்தால் மட்டும். உதாரணமாக, மாற்றத் திட்டம் எந்த மாதம் தொடங்குகிறது என்பது. அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

‘வேண்டாம்’ என்ற பதிலை எளிதாக்குவதில் உங்களுக்கு ஒரு கைமேல் லாபமும் உண்டு. லிங்க்ட்இன்னில் இன்மெயில் அனுப்பிச் செலவான கிரெடிட், 90 நாட்களுக்குள் பதில் வந்தால் திரும்பக் கிடைக்கும், அந்தப் பதில் மறுப்பாக இருந்தாலும். ‘சம்பளம் குறைவு’ என்று வந்தால் நன்றி சொல்லி, ‘எவ்வளவு என்றால் யோசிப்பீர்கள்?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். வாதாட வேண்டாம். இப்படி ஏழெட்டுப் பதில்கள் ஒரே திசையைக் காட்டினால், அவற்றை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். ரேஞ்சை உயர்த்துவதா, அடுக்கு அமைப்பு அனுபவம் இல்லாதவரை எடுத்துப் பயிற்சி கொடுப்பதா என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று, 20 பேருக்குச் சம்பளத்தோடும் 20 பேருக்குச் சம்பளம் இல்லாமலும் அனுப்பும் எண்ணம் வரலாம். அந்த எண்ணிக்கையில் ஒரு பக்கம் ஒரு பதிலும் மறுபக்கம் மூன்று பதிலும் வந்தால்கூட அது தற்செயலாக இருக்கலாம். அதை வைத்து மேனேஜரிடம் எதையும் நிறுவ முடியாது. எத்தனை பதில் வந்தது என்பதைவிட, பேச ஒப்புக்கொண்டவர்களில் எத்தனை பேர் சம்பளத்தால் பிறகு விலகினார்கள் என்பதை எழுதி வையுங்கள். ரேஞ்சை முதலிலேயே சொன்னால் அந்த எண்தான் குறைய வேண்டும். குறையாவிட்டால் நீங்கள் எழுதும் எண்ணுக்கும் மேனேஜர் மனதில் இருக்கும் எண்ணுக்கும் இன்னும் இடைவெளி இருக்கிறது.

ஏற்கெனவே எழுதிய 38 பேர் கை நழுவிவிட்டதாக நினைக்காதீர்கள். ஆனால் எல்லாருக்கும் மறுபடி எழுதவும் வேண்டாம். அவர்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கயிற்றின் இரு முனையும் கிடைப்பவர்களை மட்டும் தனியே எடுங்கள். என் கணிப்பில் அது பத்துப் பேரைத் தாண்டாது. ஒருவருக்கு இருபது நிமிடம் செலவாகும், ஆகட்டும். அவர்களுக்கு எழுதும்போது, ‘முன்பு விவரமில்லாமல் எழுதினேன், முழு விவரம் இதோ’ என்று ஒரே வரியில் தொடங்கி நேராக விஷயத்துக்கு வாருங்கள். அந்த மூன்றாவது நபருக்கு முதலில் எழுதுங்கள், மேனேஜரின் சம்மத மின்னஞ்சல் கைக்கு வந்த பிறகு.